ஒரு ஜோடி ஜிமிக்கிக்கு என்ன விலை வைப்பது? சூளையில் உடைவதையும் சேர்த்து ஒரு கணக்கு

டெரகோட்டா நகை செய்யக் கற்றுக்கொண்டு வீட்டிலிருந்தே விற்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மண் எங்கே வாங்குவது என்று. அடுத்த கேள்வி, "அக்கா, இதுக்கு என்ன விலை வைக்கலாம்?" முதல் கேள்விக்கு ஒரு கடையின் பெயரைச் சொன்னால் போதும். இரண்டாவதற்கு ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். ஒரு வரியில் சொல்லச் சொன்னால், "பொருள் செலவை மூணால பெருக்கிக்கோ" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் இந்தச் சூத்திரம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக் கம்பியிலோ நல்ல கல்லிலோ நகை செய்கிறவர்களுக்கு அது ஓரளவு ஒத்துவரலாம். மண்ணில் செய்கிற நமக்கு ஒத்துவராது. ஏன் என்று சொல்ல, நான் அடிக்கடி செய்கிற நடுத்தர அளவு ஜிமிக்கி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

மேலே ஒரு தோடு, கீழே தொங்கும் குடை, அதன் அடியில் சின்ன மணிகள். குடைக்கு அச்சு இருக்கிறது. ஒரே வடிவத்தில் 20 ஜோடி சேர்த்துச் செய்வேன். 20 ஜோடிக்கு ஏறக்குறைய 600 கிராம் பதமான களிமண் போகும். பக்குவம் செய்து பாக்கெட்டில் வரும் மண், கூரியர் செலவோடு சேர்த்து எனக்குக் கிலோ 100 ரூபாய் விழுகிறது. அதாவது 20 ஜோடிக்கும் சேர்த்து மண் 60 ரூபாய், ஜோடிக்கு 3 ரூபாய். இந்த 3 ரூபாயைப் பார்த்துத்தான் வாங்குகிறவர்களில் சிலர், "மண்ணுதானே, இவ்வளவா?" என்கிறார்கள். செய்கிறவர்களும் மனதுக்குள் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் தொல்லை.

சுடுவதற்கு வறட்டி, உமி, கொஞ்சம் கரி என்று ஒரு சூளைக்கு 120 ரூபாய் ஆகிறது. ஜோடிக்கு 6 ரூபாய். அக்ரிலிக் பெயிண்ட், வார்னிஷ் இரண்டும் சேர்த்து 10 ரூபாய். தோட்டின் பின்னால் ஒட்டும் தண்டு, திருகு, வளையங்கள், ஐ பின், மணிகள் எல்லாம் சேர்த்து 12 ரூபாய். ஆக மொத்தப் பொருள் செலவு 31 ரூபாய். மூன்றால் பெருக்கினால் 93. இந்த 93 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

பொருள் செலவு எழுதும்போது இரண்டு விஷயங்களைக் கவனிப்பேன். ஒன்று, பில்லில் கடைசியாக இருக்கும் தொகையை, ஜிஎஸ்டி உட்பட, அப்படியே எடுத்துக்கொள்வது. நாம் ஜிஎஸ்டி பதிவு செய்யாத சின்ன வியாபாரி என்றால் அந்த வரி நமக்குத் திரும்ப வராது, அதுவும் செலவுதான். இன்னொன்று, சில்லறைச் சாமான்களை எண்ணிப் பார்ப்பது. சென்னை சௌகார்பேட்டையில் ஹூக், வளையம் போன்றவற்றை குரோஸ் கணக்கில், 144 உருப்படிகளாகக் கொடுப்பார்கள். விலை குறைந்த பாக்கெட்டைப் பிரித்தால் வாய் பொருந்தாத வளையமும் முலாம் உரிந்த ஹூக்கும் கொஞ்சம் இருக்கும். நல்லது 130 தேறினால் பாக்கெட் விலையை 130-ஆல் வகுக்க வேண்டும், 144-ஆல் அல்ல.

அடுத்தது கூலி. தன் நேரத்துக்கு விலை போடச் சொன்னால் நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். "வீட்டுல சும்மா இருக்கற நேரத்துல செய்யறதுதானே" என்பார்கள். நான் பார்த்தவரை சும்மா இருக்கிற நேரம் என்று எந்த வீட்டிலும் ஒன்று இல்லை. எனக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண்ணுக்கு மாதம் 12,000 ரூபாய். 26 நாள், நாளுக்கு 9 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 51 ரூபாய் சொச்சம். கைவேலை தெரிந்த ஒருத்தி அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுப்பதில் தவறில்லை என்று மணிக்கு 60 ரூபாய் வைத்துக்கொண்டேன். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு ரூபாய். நோட்டில் நிமிடத்தை எழுதினாலே ரூபாயை எழுதியதாகிவிடும். உங்கள் ஊரில் கூலி வேறு மாதிரி இருந்தால் உங்கள் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், பூஜ்ஜியத்தை மட்டும் வைக்காதீர்கள்.

நிமிடத்தை எப்படி அளப்பது? ஒரு ஜோடியை மட்டும் கையில் எடுத்து, கடிகாரம் வைத்துச் செய்து பார்த்தால் வருகிற எண் பொய் சொல்லும். யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல வேகமாகச் செய்துவிடுவோம். 20 ஜோடிக்கான வேலையையும் முழுசாக அளந்து, கடைசியில் வகுக்க வேண்டும். மண்ணைப் பிசைந்து காற்றுக் குமிழ் போக அடித்துத் தயார் செய்ய எனக்கு 30 நிமிடம். 20 ஜோடிக்கும் தோடு, குடை, மணி உருவாக்க 300 நிமிடம். நிழலில் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய 60. சூளை அடுக்கி, ஆரம்பத்தில் தீயைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள 90. சூளை தானாக எரிந்து ஆறும் நேரத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, அப்போது நான் சமையலறையில் இருப்பேன். மொத்தம் 480 நிமிடம், அதாவது 480 ரூபாய். மண் 60, எரிபொருள் 120 சேர்த்தால் 660 ரூபாய்.

சேதாரம் வருவது இங்கேதான். தங்க நகைக் கடையில் செய்கூலி, சேதாரம் என்று பில்லில் தனித்தனியாகப் போடுவதைப் பார்த்துப் பழகியதால், நாமும் பொருள் செலவில் ஐந்தோ பத்தோ சதவீதம் சேதாரம் என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தங்கத்தில் மதிப்பு முழுவதும் பொருளில் இருக்கிறது, அதனால் எடையின்மேல் சேதாரம் போடுவதில் ஓர் அர்த்தம் உண்டு. மண் ஜிமிக்கி உடைந்தால் போவது 3 ரூபாய் மண் மட்டுமா? அதன்மேல் அதுவரை செலவழித்த நேரமும் விறகும் சேர்ந்துதான் போகிறது. எந்தக் கட்டத்தில் உடைகிறது என்பதைப் பொறுத்து நஷ்டம் கூடிக்கொண்டே போகும்.

காயும்போது விரிசல் விட்டால் நஷ்டம் குறைவு. சுடாத மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி பிசைந்துகொள்ளலாம். உருவாக்கிய நேரம் மட்டும் போகும். சுட்டபின் உடைந்தால் மண் திரும்பாது. பெயிண்ட் அடித்தபின் உடைந்தால் இன்னும் அதிகம். வாடிக்கையாளர் வீட்டில் பிரிக்கும்போது உடைந்திருந்தால் எல்லாவற்றிலும் அதிகம், கூரியர் கட்டணமும் சேர்த்து. அதனால் என் நோட்டில் சேதாரத்துக்கென்று சதவீதம் கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும், அதுவரை ஆன மொத்தச் செலவை, அந்தக் கட்டத்தைத் தாண்டி நல்லதாக வந்த ஜோடிகளால் வகுக்கிறேன். இவ்வளவுதான் முறை.

சூளைக்குள் 20 ஜோடி, அதாவது 40 ஜிமிக்கி போகிறது. சராசரியாக 34 நல்லதாக வரும். வெயில் காலத்தில் கொஞ்சம் அதிகம், ஐப்பசி கார்த்திகை மழையில் குறைவு. உடைவதற்கு முக்கியக் காரணம் ஈரம். மேலே காய்ந்து வெளுத்துத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். சூடு ஏறும்போது அது ஆவியாகி, வெளியே வர வழி இல்லாமல் மண்ணைத் தெறிக்க வைக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. தோடு கனமாகவும் குடையின் விளிம்பு மெல்லிசாகவும் இருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் காயாது, சேருமிடத்தில் விரிசல் விழும். ஆரம்பத் தீ வேகமாகப் போனாலும் இதே கதை. மழைக்காலச் சேதாரத்துக்காக அந்த மாதம் மட்டும் விலையை ஏற்ற முடியாது. அதனால் வருஷம் முழுக்க எழுதிய சூளைக் கணக்கின் சராசரியைத்தான் விலைக்கு எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் கிடைத்த எண்ணை வைத்து விலை போட்டால் கார்த்திகையில் கையைக் கடிக்கும்.

34 ஜிமிக்கி என்றால் 17 ஜோடி. 660-ஐ 17-ஆல் வகுத்தால் ஜோடிக்கு 39 ரூபாய். எதுவுமே உடையாமல் இருந்திருந்தால் 33. வித்தியாசம் 6 ரூபாய்தானே என்று தோன்றும். ஒரே டிசைனாக இருப்பதால்தான் 6 ரூபாயோடு போகிறது. எந்த ஜிமிக்கி உடைந்தாலும் மிச்சமிருப்பவற்றை ஒன்றோடொன்று ஜோடி சேர்த்துக்கொள்ள முடிகிறது.

இதையே 20 விதமான டிசைன்களில் ஒவ்வொரு ஜோடி செய்திருந்தால் என்ன ஆகும்? அதே 6 ஜிமிக்கிதான் உடைகிறது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜோடியைச் சேர்ந்தது. 6 ஜோடி ஒற்றையாகிவிடும். தேறுவது 14 ஜோடி. 660-ஐ 14-ஆல் வகுத்தால் 47 ரூபாய். உடைந்தது 15 சதவீதம், விற்க முடியாமல் போனது 30 சதவீதம். "ஒரே ஒரு பீஸ்தான், வேற யார்கிட்டயும் இருக்காது" என்று சொல்லி விற்கும் நகைக்கு விலை கூடுதலாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை, இந்தக் கணக்கும் காரணம். ஒற்றையானதற்கு ஜோடியை அடுத்த சூளையில் செய்துகொள்ளலாமே என்பார்கள். செய்யலாம், ஆனால் களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். வேறு பாக்கெட் மண், வேறு ஈரப்பதம், வேறு சூடு என்றால் சுருங்கும் அளவும் மாறும். காதில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தால் ஒரு குடை மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது கண்ணில் படும். தனி டிசைன்களுக்கு நான் முதலிலேயே மூன்று ஜிமிக்கி செய்துவிடுவேன். அந்த மூன்றாவதின் நேரமும் விலைக்குள் போகும்.

சூளையிலிருந்து எடுத்ததும் பெயிண்டில் கை வைப்பதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. விரல் நகத்தால் தட்டினால் நன்றாக வெந்தது டங் என்று கேட்கும். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல், அல்லது வேகவில்லை. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலில் தண்ணீர் இறங்கி அந்தக் கோடு மட்டும் கருமையாகத் தெரியும். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. விரிசல் விட்டதைப் பெயிண்ட் மறைத்துவிடும் என்று அடித்தால், இன்னொரு 25 ரூபாயை அதன்மேல் பூசுகிறோம், அவ்வளவுதான்.

பெயிண்ட் ஜோடிக்கு 15 நிமிடம். அடிப்பூச்சு, நிறம், தங்கக் கோடு எல்லாம் சேர்த்து. 17 ஜோடிக்கு 255 நிமிடம், வார்னிஷ் 30 நிமிடம், பெயிண்ட் வார்னிஷ் பொருள் 170 ரூபாய். முன்பு ஆன 660-ஐயும் சேர்த்தால் 1,115 ரூபாய். இந்தக் கட்டத்தில் ஒரு ஜோடி எப்படியும் போய்விடும். ஈரக்காற்று நாளில் வார்னிஷ் பால்போல வெளுக்கும், அல்லது கீழே விழும். மிஞ்சியது 16 ஜோடி. வகுத்தால் ஜோடிக்கு 70 ரூபாய்.

கோர்க்க 6 நிமிடமும் 12 ரூபாய் சாமானும் சேர்ந்து 88. பெட்டி, குமிழ்த்தாள், அட்டை 15 ரூபாய். அப்புறம் நிறையப் பேர் எழுதவே எழுதாத ஒன்று, பேச்சு நேரம். "விலை என்ன", "வேற கலர் இருக்கா", "கனமா இருக்குமா", "கையில வச்சு ஒரு போட்டோ அனுப்புங்க சிஸ்டர்" என்று ஆரம்பித்து, முகவரி வாங்கி, பணம் வந்ததைப் பார்த்து, பெட்டி கட்டி, அனுப்பிய விவரம் சொல்லி முடிக்கும்வரை ஓர் ஆர்டருக்கு சராசரியாக 20 நிமிடம். அதில் 12 நிமிடம் பேச்சு, 8 நிமிடம் பெட்டி கட்டுவது. வாங்காமல் போகிறவர்களோடு பேசியதும் இந்தச் சராசரிக்குள்தான் வரவேண்டும். இப்போது 123. புகைப்படம் எடுக்க 45 நிமிடம், 16 ஜோடிக்குப் பங்கிட்டால் 3 ரூபாய். 126.

வழியில் உடைவதற்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும். எனக்கு 20 பார்சலுக்கு ஒன்று மாற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. மாற்றி அனுப்பினால் நகைச் செலவு 126, கூரியர் 50, ஏறக்குறைய 180 ரூபாய். 20-ஆல் வகுத்தால் 9. பிரஷ், அச்சு, உப்புத்தாள், கருவிகள் தேய்மானத்துக்கு 5. முடிந்தது, அடக்கவிலை 140 ரூபாய்.

இப்போது அந்த 93-க்கு வருவோம். 140-ல் என் கூலி மட்டும் 77 ரூபாய், அதாவது ஒரு ஜோடிக்கு 77 நிமிடம். கையைவிட்டுப் போகும் பணம் 63. நான் 93 ரூபாய்க்கு விற்றால் 63 போக 30 ரூபாய் நிற்கும். 77 நிமிட வேலைக்கு 30 ரூபாய், மணிக்கு 23 ரூபாய். பணம் வருவதுபோலவும் இருக்கும், மாசக் கடைசியில் ஒன்றும் இல்லாததுபோலவும் இருக்கும். எங்கே போனது என்று கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

140 அடக்கவிலை. என் கூலி அதற்குள்ளேயே வந்துவிட்டதே, அதன்மேல் லாபம் எதற்கு என்று என் மாமியார் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. கூலி வேலை செய்தவளுக்கு. லாபம் தொழிலுக்கு. 16 ஜோடியும் ஒரே வாரத்தில் போய்விடாது. மூன்று ஜோடி பெட்டியிலேயே தூங்கும். பொங்கலுக்கோ ஆடியிலோ அதை 120 ரூபாய்க்குத் தள்ளிவிடுவோம், ஜோடிக்கு 20 ரூபாய் நஷ்டத்தில். அடுத்த மண் பாக்கெட், புது டிசைனுக்காகச் செய்து பார்த்து வீணாகும் மாதிரிகள், விலை ஏறும் வார்னிஷ், இவற்றுக்கெல்லாம் காசு எங்கிருந்தோ வரவேண்டும். விற்பனை விலையில் 20 சதவீதமாவது நிற்க வேண்டும் என்பது என் கணக்கு.

"விற்பனை விலையில்" என்று சொன்னதைக் கவனியுங்கள். 140-ன்மேல் 20 சதவீதம் ஏற்றினால் 168. அந்த 168-ல் லாபம் 28, அது 16 சதவீதம் சொச்சம்தான். விற்பனை விலையில் 20 நிற்க வேண்டுமென்றால் 140-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். 175 வரும். நேரடி விற்பனையில் இந்த வித்தியாசம் சின்னது. ரீசெல்லர் வரும்போதுதான் பெரிதாகும். அவர்கள் கேட்பது எப்போதும் விற்பனை விலையிலிருந்துதான். "சிஸ்டர், எனக்கு 25 பெர்சென்ட் கொடுங்க" என்றால் 175-ல் 43 ரூபாய் 75 பைசா போய்விடும், நமக்கு வருவது 131 சொச்சம். ரீசெல்லர் வாடிக்கையாளரோடு பேசிக்கொள்வதால் என் பேச்சு நேரம் 12 நிமிடம் மிச்சம், அடக்கம் 128 ஆகும். 3 ரூபாய் சொச்சம் நிற்கும். அவர் 44 ரூபாய் எடுத்துக்கொள்கிறாரே என்று அவர்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை, அவர் தன் நேரத்துக்கு விலை போடத் தெரிந்தவர்.

நான் இந்த ஜிமிக்கிக்கு வைத்திருக்கும் விலை 240. ரீசெல்லர் மூலம் போனால் அவருக்கு 60, எனக்கு 180, அடக்கம் 128 போக 52 ரூபாய். விற்பனை விலையில் 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. நேரடியாகப் போனால் 100 ரூபாய் நிற்கும். நேரடியாக வாங்குகிறவருக்கு 200-க்குக் கொடுக்கலாமே என்று ஆசை வரும். கொடுத்தால் ரீசெல்லரின் வாடிக்கையாளர் இரண்டு நாளில் என்னைத் தேடி வந்துவிடுவார், ரீசெல்லர் அடுத்த மாதம் என் படங்களைப் போடமாட்டார். ஒரே விலை, எங்கேயும். ரீசெல்லரே வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்கள் 175-லிருந்து 190-க்குள் வைக்கலாம். ஆனால் பின்னால் ரீசெல்லர் வரும்போது விலையை ஏற்றுவது ரொம்பக் கஷ்டம்.

கூரியரை விலைக்குள் மறைத்து "டெலிவரி இலவசம்" என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் தனியாகத்தான் வாங்குகிறேன். ஜிமிக்கி எடை இல்லாதது. ஒரு ஜோடி போனாலும் மூன்று ஜோடி போனாலும் கட்டணம் பெரும்பாலும் ஒன்றுதான். விலைக்குள் வைத்தால் மூன்று வாங்குகிறவர் மூன்று முறை கூரியர் கட்டுகிறார். தனியாக இருந்தால், "இன்னொரு ஜோடி சேர்த்துக்கிட்டா அதே கூரியர்தான்" என்று சொல்லலாம். பாதிப் பேர் சேர்த்துக்கொள்வார்கள்.

சரி, 240-க்குப் போகவில்லை, நம் பக்கத்தில் இதே மாதிரி ஜிமிக்கி 180-க்குக் கிடைக்கிறது என்றால்? அந்த 180-ஐ வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். கூலியைக் குறைத்துச் சமாளிப்பது எளிது, அதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். நான் நிமிடத்தைக் குறைக்கப் பார்ப்பேன். 15 நிமிடப் பெயிண்டில் தங்கக் கோடு போடுவதற்கு மட்டும் 6 நிமிடம் போகிறது. கோட்டுக்குப் பதிலாகச் சுடுவதற்கு முன்பே மண்ணில் முத்திரை வைத்து, மேட்டில் மட்டும் தங்க நிறத்தைத் தடவினால் ஒரு நிமிடத்தில் முடியும், பார்க்கவும் நன்றாகவே இருக்கும். எந்த வேலையில் நேரம் போகிறது என்று நோட்டில் இருந்தால்தான் எதை மாற்றுவது என்று தெரியும். மொத்தமாக "ஒரு செட்டுக்கு ஒரு மணி நேரம்" என்று எழுதி வைத்திருந்தால் ஒன்றும் புலப்படாது.

தனி ஆர்டர்களுக்கு இந்த 240 செல்லாது. "இந்தப் புடவைக்கு மேட்ச்சா வேணும்" என்று படம் அனுப்புவார்கள். போனில் தெரியும் மயில்கழுத்து நிறமும் நேரில் இருக்கும் நிறமும் ஒன்றாக இராது. இரண்டு மூன்று முறை கலந்து, தீட்டி, படம் எடுத்து அனுப்பிச் சம்மதம் வாங்க வேண்டும். பெயிண்ட் 40 நிமிடம், பேச்சு 45 நிமிடம், உடைந்தால் மாற்றுக்கு இன்னொரு ஜோடி. எனக்கு அடக்கமே 240 ஆகிறது, 0.8-ஆல் வகுத்தால் 300. அதற்குக் கீழே எடுப்பதில்லை, பாதிப் பணம் முன்பணம். திரும்பி வந்தால் அந்த நிறத்தை வேறு யாரும் வாங்கமாட்டார்கள்.

மொத்த ஆர்டரில் நேர் எதிர். போன வருஷம் ஒருவர் வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் வைக்க 50 ஜோடி கேட்டார். "100 ரூபாய்க்குக் கொடுங்கம்மா, 50 எடுக்கறோம்ல" என்றார். பாதி விலைக்கும் கீழே கேட்கிறாரே என்று உடனே மறுக்கவும் இல்லை, 50 ஜோடியாயிற்றே என்று தலையாட்டவும் இல்லை. எது உண்மையில் குறைகிறது என்று பார்த்தேன். ஒரே ஆளோடு பேச்சு, ஒரே பெட்டி. 20 நிமிடம் 5 ஆகிவிடும். 15 ரூபாய்ப் பெட்டிக்குப் பதில் 4 ரூபாய்க்குச் சின்ன உறை. புகைப்படம் இல்லை. ஒரே நிறம் என்பதால் பெயிண்டில் 5 நிமிடம் மிச்சம். 140-லிருந்து 34 குறைந்து 106. சேதாரம் மட்டும் ஒரு பைசா குறையவில்லை. 20-க்கு 16 தேறும் கணக்கில் 50 கொடுக்க 63 ஜோடி செய்தாக வேண்டும், என் சூளைக்கு அது மூன்று தடவைக்கு மேல். 106-ஐ 0.8-ஆல் வகுத்தால் 132 ரூபாய் 50 பைசா.

"135 ஆகும் சார்" என்றேன். அவர் 120-ல் நின்றார். அந்த விலைக்கு வேண்டுமென்றால் தோடு இல்லாமல் ஹூக்கில் நேராகத் தொங்கும் குடை மட்டும் செய்து தருகிறேன் என்று ஒரு மாதிரியைக் காட்டினேன். தோடு உருவாக்கும் நேரமும் பின்னால் தண்டு ஒட்டும் வேலையும் அதில் கிடையாது, சேருமிடம் இல்லாததால் சூளையில் உடைவதும் குறைவு. அவர் மனைவி அதைக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லா வயசுக்காரங்களும் போடுவாங்க, இதுவே இருக்கட்டும்" என்றார். 120 ரூபாய், பாதி முன்பணம், மழை பெய்தால் ஒரு வாரம் தள்ளும் என்று சொல்லி நாள் குறித்துக்கொண்டோம்.